குறுக்கும் நெடுக்கும் கூட்டிப் பாருங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை கணக்குத் தாள் வந்து விழும். எக்செல்லில் போட்ட கணக்கை அச்செடுத்து, மேஜையில் வைத்து, மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். பார்க்க முடியும், கூட்ட முடியாது. கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அந்தப் படத்தை மறுபடி கட்டங்களுக்குள் கொண்டுவர வேண்டும்.

படத்திலிருந்து எண்களை எடுத்துத் தரும் வசதி எக்செல் மொபைல் செயலியிலேயே இருக்கிறது. கையால் தட்டச்சு செய்பவர்களும் உண்டு. இரண்டிலும் பிழை வரும். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு வீட்டின் தொகை அடுத்த வீட்டு வரிசைக்கு நழுவும். மங்கிய அச்சில் 3 என்பது 8 ஆகும். கண்ணால் மட்டும் ஒப்பிட்டு இவற்றைப் பிடிப்பது கடினம். ஆனால் தாளிலேயே ஒரு காவல் இருக்கிறது: வலது ஓரத்தில் வீட்டுவாரி மொத்தம், அடியில் இனவாரி மொத்தம்.

ஐந்து வீட்டுத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். A-யில் வீட்டு எண், B-யில் பராமரிப்பு, C-யில் தண்ணீர், D-யில் பழுது, E-யில் ஜெனரேட்டர் டீசல், F-இல் தாளில் அச்சான மொத்தம். வீடுகள் 2 முதல் 6 வரையுள்ள வரிசைகளில். 7-ஆம் வரிசையில் அச்சான அடி மொத்தம். இந்த மொத்தங்களையும் தாளில் இருப்பது போலவே தட்டச்சு செய்ய வேண்டும். அங்கே சூத்திரம் போட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. நம் கூட்டலைத் தனியாக, G2-விலும் B8-இலும் வைப்போம்:

```
=SUM(B2:E2)-F2
=SUM(B2:B7)-2*B7
```

இரண்டாவது சூத்திரம் B2 முதல் B6 வரை கூட்டி B7-ஐக் கழிப்பதற்குச் சமம். முதலாவதை G7 வரை கீழேயும், இரண்டாவதை F8 வரை வலப்புறமும் இழுத்துவிட்டால், சரியான இடங்களில் 0 நிற்கும்.

103-ஆம் வீட்டுக்கு எதிரே -90 என்று வருகிறது. தண்ணீர் நெடுவரிசையின் அடியிலும் -90. இரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் படத்தில் பார்த்தால் 540. நம்மிடம் இருப்பது 450. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகிப்பது கணக்கர்களின் பழைய வழக்கம். இங்கே அது பலித்தது.

அடுத்த பிழை நுட்பமானது. 102-ஆம் வீட்டுக்குப் பழுதுக் கட்டணம் இல்லை, கட்டம் காலி. மென்பொருள் அந்தக் காலியிடத்தைக் கவனிக்காமல் டீசல் தொகை 180-ஐ இடப்பக்கம் நகர்த்திப் பழுதில் போட்டுவிட்டது. வீட்டின் மொத்தம் 2,040, கச்சிதமாக டேலி ஆகிறது! குறுக்கே மட்டும் கூட்டியவர் நிம்மதியாக எழுந்து போயிருப்பார். நெடுக்கே பார்த்தால்தான் பழுதில் +180, டீசலில் -180 என்று தெரிகிறது. ஒரே தொகை ஒரு நெடுவரிசையில் கூடி இன்னொன்றில் குறைந்தால், எண் தவறவில்லை, இடம்தான் தவறியிருக்கிறது. அதுவே இரண்டு வீடுகளுக்கு எதிரே வந்தால், தொகை வரிசை மாறியிருக்கிறது.

104-ஆம் வீட்டிலும் பராமரிப்பின் அடியிலும் -1500 வந்தது. கட்டத்தில் 1500 என்றுதான் தெரிகிறது, ஆனால் இடது ஓரமாக ஒட்டி நிற்கிறது. எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில O விழுந்திருந்தாலும் இப்படித்தான். SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். வித்தியாசம் ஒரு கட்டத்தின் முழுத் தொகையாகவே இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

ஒரு வீட்டின் எதிரே மட்டும் வித்தியாசம், B முதல் E வரை அடியில் எல்லாம் 0 என்றால் உள்ளே தேட வேண்டாம். அச்சான மொத்தத்தைத்தான் தவறாகப் படித்திருப்பீர்கள். F8-உம் அதையே சொல்லும். சரியாகத்தான் படித்தீர்கள் என்றால் தாளே தப்பு. அதைத் திருத்திவிடாமல், அப்படியே வைத்துப் பக்கத்தில் குறிப்பெழுதுங்கள். நான்கைந்து ரூபாய் வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஏதாவது ஒரு கட்டத்தில் கைவைப்பது மகா மோசமான பழக்கம்.

எல்லாம் 0 ஆன பிறகும் ஒரு ஓட்டை உண்டு. 101, 105 ஆகிய எண்கள் இடம் மாறியிருந்தால் எந்தக் கூட்டலும் அதைச் சொல்லாது. வீட்டு எண்களையும் தலைப்புகளையும் படத்தோடு கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.

சங்கப் பொருளாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: படத்தோடு எக்செல் கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.