எந்தப் பிசிறை வெட்டுவது, எதை விடுவது?

கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் ‘திருமணம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிரஷ்ஷால் எழுதி, மற்றவற்றைக் கணினி எழுத்தில் அடுக்குவது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. தாளில் உயிரோட்டமாக இருந்த அந்தச் சொல் அச்சாகி வரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்ததுபோல் வரும். இல்லையென்றால் கடையில் வாங்கிய ஃபான்ட்போல் வழவழவென்று வரும். கோளாறு எழுதியவரிடம் இல்லை, இடையில் நடக்கும் சுத்தம் செய்யும் வேலையில்தான்.

தாளில் உள்ள எழுத்தின் ஓரத்தில் இரண்டு விதப் பிசிறுகள் இருக்கும். மை குறைந்த பிரஷ் வேகமாக இழுபடும்போது மயிர்கள் பிரிந்து விடும் வெள்ளைக் கீற்றுகள் ஒரு விதம். அவை கோடு ஓடும் திசையிலேயே ஓடும். கோட்டின் முடிவிலும் வேகமான வளைவிலும்தான் தென்படும். இன்னொன்று, தாளின் நார் வழியே மை ஊர்ந்து உண்டாகும் கசிவு. அதற்குத் திசை கிடையாது. எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி முளைத்திருக்கும். முதல் விதம் கையின் வேகத்தைக் காட்டுவது, அது இருக்க வேண்டும். இரண்டாவது போக வேண்டும். சொரசொரப்பான தாளில் எழுதினால் இரண்டும் கலந்து, பிரிப்பது கடினமாகிவிடும். அதனால் வழவழப்பான ஐவரி அட்டையில் எழுதுவதே நல்லது.

‘திருமணம்’ தாளில் 18 செ.மீ. அகலம், பத்திரிகையில் 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 600 டிபிஐயில், கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 4,250 பிக்சல் அகலம் கிடைக்கும். பாதியாகச் சுருக்கும்போது அது 1,200 டிபிஐக்குச் சமம், போதுமானது. ஸ்கேனரே செய்யும் ‘ஷார்ப்பன்’ வேலையை அணைத்துவிட வேண்டும். அது ஓரத்தில் இல்லாத கோட்டை உண்டாக்கும்.

அடுத்தது, சாம்பல் புள்ளிகளைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் 0 (முழுக்கறுப்பு) முதல் 255 (முழுவெள்ளை) வரை ஒரு மதிப்பு உண்டு. Threshold என்பது எங்கே வெட்டுவது என்று சொல்லும் எண். அதைக் கூட்டினால் எழுத்து தடிக்கும். கீற்றுகள் அடைபடும், ‘ண’வின் சுழிகள் மூடிக்கொள்ளும். குறைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். நடுவில் 128இல் தொடங்கி, ‘ண’வின் சுழியையும் மிக மெல்லிய கோட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நகர்த்த வேண்டும். இரண்டும் பிழைக்கும் இடம்தான் சரியான இடம்.

பிறகு புள்ளிகளை வளைகோடுகளாக மாற்ற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பில் இதற்கு Trace Bitmap இருக்கிறது. உள்ளே வேலை செய்வது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ். அதில் Speckles தூசிப் புள்ளிகளை நீக்கும். Smooth corners மூலைகளை உருட்டும், வழக்கமாக 1.00இல் இருக்கும் அதைக் குறைத்தால் பிரஷ் தாளைத் தொட்ட இடத்தின் கூர்மை நிற்கும்.

இதற்கப்புறம் பலர் செய்யும் தவறு, முழுச் சொல்லையும் தேர்ந்தெடுத்து Simplify கொடுப்பது. கசிவும் கீற்றும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து மழித்துவிடும். கையால்தான் செய்ய வேண்டும். ‘ம’வின் அடிக்கோடு போன்ற நீண்ட ஓட்டங்களில் நெருக்கமாக இருக்கும் முனைப்புள்ளிகளை நீக்கினால் கசிவு மறையும். கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கீற்றுகளையும் தொடக்கூடாது. இச்சொல்லில் ‘ம’ இரண்டு முறை வருகிறது. நன்றாக அமைந்த ஒன்றை நகலெடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால், கையால் எழுதியது என்ற தோற்றம் உடனே போய்விடும்.

அச்சு முறையையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஃப்செட்டில் மெல்லிய கீற்றுகள் பெரும்பாலும் தப்பிக்கும். தங்கநிற ஃபாயில் அப்படியல்ல. சூடான உலோக அச்சு அழுத்தும்போது குறுகிய இடைவெளிகள் அடைபட்டுத் திட்டாகிவிடும். தாளில் 0.3 மி.மீ. இருந்த கீற்று, பாதியாகச் சுருக்கியதும் 0.15 மி.மீ. ஆகிறது. ஃபாயிலில் அது நிற்பது சந்தேகம். அதனால் ஃபாயிலுக்குத் தனி நகல் எடுத்து, நுண்கீற்றுகளை மூடிவிட்டு, மூன்று நான்கை மட்டும் சற்று அகலமாக்கிக்கொள்வது வழக்கம். மூலத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே அழுக்காகத் தெரியும், கை நிற்காது. 9 செ.மீ. அளவிலேயே அச்செடுத்து, எழுதியதைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். பிரஷ் எங்கே இறங்கியது, எங்கே எடுபட்டது என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால், சுத்தம் செய்வதை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.