முன்னாய்வுகளை ஒரு பத்தியில் அடக்குதல்

பல பக்கங்களில் விரிந்து கிடக்கும் முன்னாய்வு அத்தியாயத்தை ஒரே பத்தியாகச் சுருக்க முனையும் ஆராய்ச்சி மாணவர்கள், நூலாசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் வீதம் ஒதுக்கி வரிசைப்படுத்திவிட்டு, இறுதியில் "இவ்விஷயத்தை ஒருவரும் ஆராயவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியம் தனக்கு முந்தியவற்றில் எதிலிருந்தும் பிறக்காமையால், பரீட்சகர் அதை நம்புவதற்கு ஆதாரமே இல்லாமற்போகிறது.

சிவகங்கைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தை ஒரு மாணவி ஆராய்வதாகக் கொள்வோம். சொந்தக் கிணறில்லாமல், பக்கத்து வயல்காரரின் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிரிடும் விவசாயி, கண்மாய் மராமத்துக்குத் தம் பங்கைத் தருகிறாரா என்பதே மாணவியின் கேள்வி. இனி, படித்த நூல் ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது என் விவசாயியைப் பற்றி என்ன சொல்லும்?' என்று அவர் வினவவேண்டும். ஜமீன் வரலாறு போல, விடை தராத நூல்கள் எத்துணைச் சிறந்தவையாயினும் அத்தியாயத்திலேயே தங்கட்டும். பத்திக்கு அவை வேண்டா.

இந்தச் சோதனையில் தேறியவை மூன்று என்று வைத்துக்கொண்டால், பத்தி இவ்வாறு அமையும்:

"தண்ணீர்த் தட்டுப்பாடும் பயிர் கருகும் அபாயமும் மிகுந்த ஊர்களிலேயே விவசாயிகள் கூடிச் செயற்படுகின்றனர் என்று ஆந்திரக் கால்வாய்ப் பாசனக் கிராமங்களை ஆராய்ந்த ராபர்ட் வேட் (1988) காட்டினார். கண்மாய் நிர்வாகமோ சாதி, அரசு ஆகியவற்றின் அதிகாரத்தோடு பிணைந்தது என்பது டேவிட் மோஸின் (2003) முடிவு. தனிக் கிணறுகள் பெருகும்போது கூட்டுழைப்புத் தளர்கிறது என்று பாலசுப்பிரமணியனும் செல்வராஜும் (2003) தமிழகக் கண்மாய்களைக் கொண்டு நிறுவினர். ஆயின், கிணற்று நீரை விலைக்கு வாங்குபவரிடம் இக்கருத்துகள் மோதுகின்றன: தட்டுப்பாடு அவரை மராமத்துக்கு அழைக்கிறது, கிணற்றுக்காரரைச் சார்ந்திருக்கும் நிலை அவரைத் தடுக்கக்கூடும். இவ்விரண்டில் எது மேலோங்குகிறது என்பதை இவ்வாய்வு காண முயல்கிறது."

மூன்று ஆய்வுகளும் அடுத்தடுத்து நிற்பதோடு அமையாமல், ஒன்றன் முடிவு மற்றொன்றன் முடிவோடு உரசும்படி வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இடைவெளி அந்த உரசலிலேயே தென்படுகிறது. "இந்த ஊரில் ஒருவரும் ஆராயவில்லை" என்று எழுதியிருந்தால், ஊர் ஒன்று விடுபட்டது என்பதற்குமேல் அதற்குப் பொருளிராது. ஊர் மாறுவதால் முடிவு ஏன் மாறவேண்டும் என்பதற்குக் காரணம் காட்டினாலன்றி அது இடைவெளியாகாது என்பது என் அபிப்பிராயம்.

எழுதியதைச் சோதிக்க, கடைசி வாக்கியத்தை மறைத்துவிட்டு, இத்துறையை அறியாத நண்பர் ஒருவரிடம் பத்தியைக் கொடுங்கள். மறைந்திருக்கும் கேள்வியை அவரே கேட்டால் பத்தி தேறிற்று, "சரி, அதனால் என்ன?" என்று அவர் வினவினால், மோதலைச் சொல்லும் வாக்கியத்தைத்தான் திருத்தவேண்டும், நூல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் மறுபடியும் தேடிப் பாருங்கள். இடையில் வேறொருவர் நீர் வாங்குவோரைப் பற்றி எழுதியிருந்தால், அவர் பெயரும் இந்தப் பத்திக்குள் வரவேண்டும், அவர் விடுத்துச் சென்ற பகுதியிலிருந்தே உங்கள் இறுதி வாக்கியமும் தொடங்கவேண்டும்.