‘ஆவன செய்யப்படும்’ என்றால் யார் செய்வது?

மருத்துவமனை ஒன்று கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது தளத்து நடைவழியில், தரையிலிருந்து பீமின் அடிப்பகுதி வரை 2900 மி.மீ. ஃபால்ஸ் சீலிங் 2550-இல் வர வேண்டும். இடையே மிஞ்சுவது 350. ஏசி குழுவின் டக்ட் 600-க்கு 300. மேலும் கீழும் இன்சுலேஷன் சேர்ந்தால் உயரம் சரியாக 350. சீலிங் சட்டத்துக்கும் விளக்குக்கும் இடமே இல்லை. மின்சாரக் குழுவின் கேபிள் ட்ரேயும் இதே வழியாகத்தான் போகிறது. தீயணைப்புக் குழாயோ பீமைத் துளைத்தே ஆக வேண்டும்.

மூன்று குழுவும் கூடிப் பேசியதும் வழி பிறந்தது. டக்டை 800-க்கு 225 என்று தட்டையாக்கினால் பரப்பு அதேதான். இன்சுலேஷனோடு 275, சீலிங்குக்கு 75 கிடைக்கும். ட்ரே பக்கத்தில் ஓடும். ஆனால் தட்டையான டக்டில் உராய்வு கூடும், விசிறி தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

கூட்டக் குறிப்பில் இது எப்படிப் பதிவாகும்? பெரும்பாலும் இப்படி: “டக்ட் பிரச்சினை விவாதிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட குழுக்கள் ஆவன செய்யும்.” இதைப் படிக்கும் மூவரும் மற்ற இருவரில் ஒருவர் செய்வார் என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

உருப்படியான குறிப்பில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். குழுவின் பெயர் போதாது. ஆளின் பெயர் வேண்டும், அவர் கூட்டத்தில் இருந்து ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும். வராதவர் தலையில் கட்டிய வேலை பெரும்பாலும் அடுத்த கூட்டத்திலும் அப்படியே கிடக்கும்.

கெடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் சுவாரசியம். “அடுத்த வாரம்” என்பதெல்லாம் கெடு அல்ல. 20-ஆம் தேதி கான்கிரீட் போடுகிறார்கள் என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். குழாய் போவதற்கான ஸ்லீவை 17-க்குள், கம்பி கட்டும்போதே வைத்தாக வேண்டும். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் 14-க்குள் வேண்டும். அவர் ஒப்புதல் தர, குழாயின் விட்டமும் இடமும் 11-ஆம் தேதியே அவர் கையில் இருக்க வேண்டும். தூணை ஒட்டி வெட்டுவிசை அதிகம் என்பதால் துளையைப் பீமின் நடுப்பகுதிக்கு நகர்த்தச் சொல்வார். குழாயின் பாதையே மாறலாம். ஆகவே குறிப்பில் இரண்டு வரி: 11-க்குள் விவரம் தருபவர் ஒருவர், 14-க்குள் பதில் தருபவர் இன்னொருவர். இரண்டாவது வரியில் “முதல் வரி முடிந்த பின்” என்ற சொற்களும் உண்டு. தாமதமானால் எந்தக் கண்ணி அறுந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கெடு தவறிக் கான்கிரீட் விழுந்துவிட்டால் மிஞ்சுவது கோர் கட்டிங். இறுகிய பீமைத் துளைக்கும்போது உள்ளே இருக்கும் கம்பியும் அறுபடக்கூடும்.

இன்னொன்று: “முடிந்தது” என்று வாயால் சொன்னதை வைத்து ஒரு வரியை அடித்துவிடக் கூடாது. திருத்திய வரைபடத்தின் எண்ணும் தேதியும் அந்த வரியில் ஏற வேண்டும். அதுவரை அதே வரிசை எண்ணோடு அது அடுத்த கூட்டத்துக்குப் போகும். புது எண் கொடுத்தால் நான்கு வாரப் பழைய பாக்கி புதிது போலத் தெரியும். சில ஒப்பந்ததாரர்களுக்கு அது வசதியும்கூட.