பெட்டியில் இருக்கும் பணமும் திரையில் தெரியும் பணமும்

ஆட்டோ வாடகை, டீ, பால், கூரியர், குழாய் ரிப்பேர். அலுவலகத்தில் தினமும் வரும் இந்தச் சின்னச் செலவுகளுக்குச் செக் எழுத முடியாது. அதற்காகக் காசாளரிடம் ஒரு தொகையைக் கொடுத்து வைப்பார்கள். அந்தத் தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இம்பிரெஸ்ட் முறை. பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால், கையில் உள்ள ரொக்கமும் செலவான வவுச்சர்களும் சேர்ந்து எந்த நிமிடத்திலும் பத்தாயிரமாகவே வரவேண்டும். செலவான அளவுக்கு மட்டும் வங்கியிலிருந்து எடுத்துப் பெட்டியை மறுபடி நிரப்புவார்கள்.

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் லோடு இறக்கக் கூலி 1,800, டீயும் பாலும் 1,260, கூரியர் 540, பிளம்பருக்கு 1,400, ஸ்டேஷனரி 725 என மொத்தம் 5,725 ரூபாய் செலவு. காசாளர் ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் போட்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, கணினியின் நிதிப் பிரிவில் பதிந்துவிட்டார். பெட்டி கேஷ் இருப்பு 4,275 என்று திரை காட்டுகிறது. பெட்டியை எண்ணினால் 2,275தான் இருக்கிறது.

குறைகிற 2,000 எங்கே? பெட்டியின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு கிடக்கிறது. வெளியூர் போன டிரைவருக்கு முன்பணமாகக் கொடுத்தது. பில் இன்னும் வரவில்லை என்பதால் காசாளர் அதைக் கணக்கில் ஏற்றவில்லை. பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. கொடுத்த அன்றே அதை டிரைவர் பெயரில் ஊழியர் முன்பணமாகப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் திரையும் பெட்டியும் 2,275 என்று ஒத்துப்போகும். டிரைவர் திரும்பி வந்து 1,630 ரூபாய்க்குப் பில்லும் மீதி 370 ரூபாயும் கொடுக்கும்போது முன்பணம் தீர்ந்து, 1,630 செலவுக் கணக்குக்குப் போகும். அதுவரை அந்த 2,000க்காக வங்கியிலிருந்து பணம் எடுக்கக்கூடாது. இந்த வாரம் நிரப்ப வேண்டியது 5,725 மட்டுமே.

பணம் குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். கூடினால் யாரும் கேட்பதில்லை. ஆனால் பெட்டியில் அதிகம் இருப்பதும் கோளாறுதான். காசாளர் 5,725 எடுத்து வந்து பெட்டியில் போட்டதும் கையில் 8,000 இருக்கும். அந்த வங்கிப் பதிவை, வங்கியிலிருந்து ரொக்கத்துக்கு மாறும் கான்ட்ரா வவுச்சராகப் போட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கூலி, கூரியர் என்று மறுபடியும் செலவாகவே போட்டுவிட்டால், ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். திரையில் இருப்பு 2,275லேயே நிற்கும், பெட்டியிலோ 8,000 இருக்கும். வித்தியாசம் சரியாக 5,725. பெட்டி நிரப்பிய தொகையும் வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

இன்னொரு கோளாறு மாதக் கடைசி இருப்பில் தெரியவே தெரியாது. நாள்வாரி இருப்பைப் பார்த்தால்தான் பிடிபடும். ஏதோ ஒரு தேதியில் இருப்பு மைனஸில் போயிருக்கும். ரொக்கம் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அப்படியானால் யாரோ கைப்பணத்தைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள், அல்லது பணம் வந்தது பதிவாகவில்லை, அல்லது வவுச்சரின் தேதி தவறு. தேதியை மட்டும் தள்ளிப்போட்டு மைனஸை மறைப்பது பழைய வழக்கம். அதை இப்போது சத்தமில்லாமல் செய்ய முடியாது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் அது நடந்த தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்கவும் கூடாது என்பது சட்ட விதி.

இவ்வளவு இருந்தும் கணினிக்குத் தெரியாத ஒன்று உண்டு: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. போலி பில்லைப் பதிந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும், கணக்கும் ஒத்துப்போகும். அதனால் பணம் கொடுப்பவர் ஒருவர், வவுச்சரை அனுமதிப்பவர் வேறொருவர் என்று வைக்க வேண்டும். பணம் வாங்கியவரின் கையெழுத்து வவுச்சரில் இருக்க வேண்டும். பெட்டி நிரப்பும்போதே ஒவ்வொரு வவுச்சரிலும் ‘பணம் தரப்பட்டது’ என்று முத்திரை குத்தினால், அதே பில் அடுத்த வாரம் மறுபடி வராது. காசாளருக்குச் சொல்லாமல் ஒரு நாள், அவர் முன்னிலையிலேயே வேறொருவர் நோட்டுகளை எண்ணி, அந்த நேரத்துத் திரை இருப்போடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். நேர்மையான காசாளருக்கு இது அவமானமல்ல. நாளைக்கு ஐந்நூறு ரூபாய் குறைந்தால், நேற்றுவரை கணக்கு சரியாக இருந்தது என்று அவர் காட்டுவதற்கு அந்தத் தாள்தான் இருக்கும்.