திருத்தி எழுதுவதா, கூப்பிட்டுப் பேசுவதா?

கௌதள்ளியிலும் மாதேஸ்வரன் மலைச் சாலையில் உள்ள அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குத் தமிழில் கடிதம் எழுதித் தருவது என் பழைய பழக்கம். கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் நம்மில் பலருக்குப் பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்தியூர், சத்தியமங்கலம் பக்கம்தான். பிள்ளைகள் படிப்பதோ கன்னடப் பள்ளியில். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், எழுத வராது. ஆகவே இன்லண்ட் லெட்டர் போய் வாட்ஸ்அப் வந்த பிறகும், "இதைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல திருத்திக் குடுங்க சார்" என்று போனை நீட்டுகிறவர்கள் உண்டு. கோபத்தில் எழுதியவையும் வரும். அவற்றில் சிலவற்றைத் திருத்தவே கூடாது என்பது என் எண்ணம். எவற்றை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரு தம்பியின் அக்கா மகளுக்குப் பூப்பு நன்னீராட்டு விழா. அந்தியூரிலிருந்து பத்திரிகையைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டிருந்தார்கள். தாய்மாமனாகிய இவருக்கு அதைப் பார்த்துத்தான் தேதியே தெரிந்தது. இவர் அடித்து வைத்திருந்த பதில் இது: "பத்திரிகை அடிச்சப்புறம்தான் தாய்மாமன் ஞாபகம் வந்துச்சா? சீருக்கு மட்டும் நான் வேணும், தேதி வைக்க வேண்டாமா?"

சீர் பற்றிய வாக்கியத்தை முதலில் எடுத்துப் பார்த்தோம். மிச்சம் இருந்த முதல் வாக்கியமே போதுமான அளவு குத்தியது. பிறகு மரியாதையாக மாற்றினோம்: "தேதி முடிவு செய்யும் முன்பு என்னிடமும் நீங்கள் கலந்து பேசியிருக்கலாம் என்பது என் கருத்து." இது முதலாவதைவிட மோசம். தூக்கி வளர்த்த அக்காவை இந்தத் தம்பி பிறந்ததிலிருந்து "நீ" என்றுதான் பேசுகிறார். திடீரென்று "நீங்கள்" வந்தால், "என்னை அந்நியமாக்கிவிட்டான்" என்றுதான் அக்கா எடுத்துக்கொள்வார். நம் மொழியில் மரியாதை ஏற ஏற நெருக்கம் குறைவதும் உண்டு. கோபத்தைத் தணிக்க நினைத்துப் பலர் சறுக்கும் இடம் இதுதான். மூன்றாவதாக, "சந்தோஷம் அக்கா, குடும்பத்தோடு வந்துவிடுகிறோம்" என்று எழுதிப் பார்த்தோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உண்மையும் இல்லை. மனதில் இருப்பது சீர்த்தட்டு எடுத்து மண்டபத்தில் நிற்கும்போது நாலு பேர் நடுவில் வெளியே வரும்.

இப்படி மூன்று முறை எழுதியும் சரியாகவில்லை என்றால் குறை சொற்களில் இல்லை. செய்தியிலிருந்து சூட்டை எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். அதே வாரம் இன்னொருவர் ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கு எழுதிய காரசாரமான செய்தியைக் கொண்டுவந்தார். திட்டுகளை எடுத்ததும் மூட்டைக் கணக்கு, எடை போட்ட தேதி, வரவேண்டிய தொகை என்று மூன்று விவரங்கள் மிஞ்சின. அதைத் தாராளமாகத் திருத்தி அனுப்பலாம். பணவிவகாரம் எழுத்தில் இருப்பதே நல்லதும்கூட. தம்பியின் செய்தியில் மிஞ்சியது, "என்னை ஏன் கேட்கவில்லை?" என்ற ஒரே கேள்வி. அதற்குப் பதில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் நம் அடுத்த வார்த்தை என்ன என்பதே தெரியும். எழுதும்போதோ பதிலையும் நாமே முடிவு செய்துகொண்டு எழுதுகிறோம்.

எழுத்தில் தொனி போய்ச் சேருவதில்லை என்பதற்குச் சோதனையே செய்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அது. சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்ல வேண்டும், எதிராளி எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று மின்னஞ்சலில் எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாக இருந்தது 56. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்! குரலில் சொன்னபோது 73.

நம் குடும்பங்களில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வரும் செய்திகளைப் பள்ளியில் படிக்கும் மகன்தான் உரக்கப் படித்துக் காட்டுவான். திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருப்பார். "ஞாபகம் வந்துச்சா" என்பதைப் பையன் எந்தக் குரலில் படிக்கிறானோ, அதுவே தம்பியின் குரல் ஆகிவிடும்.

ஆகவே கூப்பிடச் சொன்னேன். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அக்கா சமையலிலோ விருந்தாளிகள் நடுவிலோ இருக்கும் நேரம் ஆகாது. "அக்கா, தனியா இருக்கியா, பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டு, முதலில் குழந்தையை விசாரித்துவிட்டு, பிறகு நேராகக் கேட்டுவிட வேண்டும்: "தேதி வச்சது எனக்குத் தெரியலையே அக்கா, மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு." எடுக்கவில்லை என்றால், "பத்திரிகை பார்த்தேன், சாயங்காலம் கூப்பிடறேன்" என்று ஒரு வரி போதும். "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று எழுதினால் அவர் பகல் முழுவதும் பயந்துகொண்டிருப்பார். குரல் பதிவும் அனுப்ப வேண்டாம். அதில் குரல் இருந்தாலும் நடுவில் யாரும் பதில் சொல்ல முடியாது, பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டவும் முடியும். காட்டோரம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: சிக்னல் போனால் போனைப் பட்டென்று வைத்துவிட்டதாக நினைப்பார்கள். "கட் ஆனா நானே திரும்பக் கூப்பிடறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செய்தி ஏற்கெனவே போய்விட்டதென்றால்? வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் மாற்றலாம், மாற்றியது என்று காட்டும். அழித்தாலும் அழித்த அடையாளம் இருக்கும். "என்னத்த எழுதி அழிச்சான்?" என்ற கேள்விதான் மிஞ்சும். அப்போதும் கூப்பிடுவதே வழி.

எல்லோரையும் கூப்பிடச் சொல்ல மாட்டேன். போனை எடுத்ததுமே கத்துகிறவர், பழைய பேச்சை மாற்றிச் சொல்லும் வழக்கமுள்ளவர், முன்பு மிரட்டியவர் ஆகியோரிடம் சுருக்கமாக எழுத்தில் பேசுவதே பாதுகாப்பு. நம் குரலே நடுங்கும் அளவுக்குக் கோபம் இருந்தால் ஓர் இரவு கழியட்டும்.

தம்பி மறுநாள் காலை கூப்பிட்டார். பேச்சு அரை மணி நேரம் போயிருக்கும். அக்காவின் மாமியார் உடல்நிலை மோசமாகி, அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று அவசரமாகத் தேதி வைத்திருக்கிறார்கள். அக்கா அம்மாவிடம் போனில் சொன்னதும், மகனுக்கும் செய்தி போயிருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டதும் அப்போதுதான் தெரிந்தது. அக்காவும் சும்மா விடவில்லை. "பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவையாவது நீ கூப்பிட்டியா?" என்று கேட்டு அழுதாராம். அதற்குத் தம்பியிடம் நல்ல பதில் இல்லை.

நாள், நேரம், மண்டபம் ஆகிய விவரங்களைப் பிறகு அக்கா மகன் எழுத்தில் அனுப்பினான். சீர் எவ்வளவு என்பது போனில் முடிவாகவில்லை. அதைப் பேச அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு தம்பி அந்தியூருக்கே பஸ் ஏறினார்.