உங்களுக்குத் தெரியுமா? மெக்சிகோ வங்கிக்கு ஒரு போன்

★ டிசிஎஸ் 2007-இல் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் மையம் திறந்தது. அதே ஆண்டு இன்ஃபோசிஸ் மான்டெர்ரேயில் இறங்கியது. அதன் பிறகு சிறுசேரி, தாம்பரம் மெப்ஸ் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆன்சைட் என்றால் அமெரிக்கா மட்டும்தான் என்றில்லை. அப்படி ஒருவர் குவாதலஹாராவில் வேலை முடித்துத் திருநீர்மலைக்குத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மீதிச் சம்பளம் இன்னும் அங்கே இருக்கும் கணக்கில் கிடக்கிறது. ஒரு நாள் செயலியைத் திறந்து பார்க்கிறார். கிளம்புகிற வாரத்தில் சூப்பர் மார்க்கெட்டில் கார்டைத் தேய்த்து வாங்கிய 1,248.50, இரண்டு முறை கழிந்திருக்கிறது. வங்கிக்குப் போன் போட வேண்டும், அதுவும் ஸ்பானிஷில். அவருக்காகத்தான் இந்தப் பக்கம்.

★ அந்தத் தொகைக்கு முன்னால் "$" என்று இருக்கும். டாலர் என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மெக்சிகோ பெசோவுக்கும் அதே குறிதான். பக்கத்தில் "M.N." என்று இருந்தால் உள்நாட்டு நாணயம் என்று பொருள். புள்ளியும் காற்புள்ளியும் அங்கே நம்மைப் போலவே. ஸ்பெயினில்தான் தலைகீழ்: அங்கே பைசாவுக்கு முன்னால் வருவது காற்புள்ளி.

★ கார்டின் பின்புறம் 800 என்று தொடங்கும் இலவச எண்ணை இங்கிருந்து அழைத்தால் பெரும்பாலும் மணியே அடிக்காது. வெளிநாட்டிலிருந்து அழைக்க வேறொரு பத்து இலக்க எண் போட்டிருப்பார்கள். அதற்கு முன் +52 சேர்த்தால் போதும். பழைய கார்டுகளில் உள்ள 01 என்ற முன்னெண் 2019 ஆகஸ்டில் ஒழிந்தது, அதை அழுத்த வேண்டாம். நேரமும் பார்க்க வேண்டும். குவாதலஹாரா நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே காலை ஒன்பதரை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசத் தோதான நேரம். ஆனால் வணக்கம் சொல்வது அவர்கள் கடிகாரப்படி: "புவேனோஸ் தியாஸ்", காலை வணக்கம்.

★ முதல் வாக்கியம்தான் புகாரின் தலையெழுத்து. பலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பது "நோ ரெகோநோஸ்கோ எஸ்தே கார்கோ", அதாவது இந்தக் கழிவு எனக்குத் தெரியாதது. இதைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் மோசடிப் பிரிவின் படிவத்தைத் திறப்பார். யாரோ கார்டைத் திருடிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற கணக்கில் முதல் வேலையாகக் கார்டை முடக்குவார். மாற்றுக் கார்டு எங்கே போகும்? வங்கியில் பதிவான முகவரிக்கு, காலி செய்துவிட்டு வந்த குவாதலஹாரா வீட்டுக்கு. 1,248 பெசோவை மீட்கப் போய் மொத்தக் கணக்கையும் தொட முடியாமல் போகும்.

போதாக்குறைக்கு, விசாரணையில் முதல் கழிவு இவரே கடையில் நின்று சிப் போட்டு, ரகசிய எண் அழுத்திச் செய்தது என்று பதிவு காட்டும். புகார் தள்ளுபடியாகிவிடும். இவர் பொய்யும் சொல்லவில்லை, புகாரும் தவறில்லை. சொன்ன வகைதான் தவறு.

சொல்ல வேண்டியது இது: "கியெரோ அக்லாரார் உன் கார்கோ துப்ளிகாதோ." இரட்டையாக விழுந்த ஒரு கழிவைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த மூச்சில்: "மெ கோப்ராரோன் தோஸ் வேசெஸ் லா மிஸ்மா கோம்ப்ரா." ஒரே கொள்முதலுக்கு இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள். கையோடு மூன்றாவது: "லா தார்ஹேதா லா தெங்கோ யோ. நோ லா ப்ளொகேயே, போர் ஃபவோர்." கார்டு என்னிடம்தான் இருக்கிறது, தயவுசெய்து முடக்காதீர்கள்.

★ இவ்வளவு சொன்ன பிறகும் அவர் கேட்பார்: "உஸ்தேத் ரெயாலிசோ லா கோம்ப்ரா?" கொள்முதல் செய்தது நீங்கள்தானா? பதற்றத்தில் "நோ" என்று வாயில் வந்துவிடும். வந்தால் மறுபடி மோசடிப் பிரிவு. சரியான பதில் "சீ, உனா சோலா வேஸ்." ஆமாம், ஒரே ஒரு தடவை.

★ போன் போடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் "en tránsito" என்று போட்டிருந்தால் அது இன்னும் கழிவே அல்ல. கடை இயந்திரம் தொடர்பு அறுந்து மறுபடி முயலும்போது இரண்டு ஒப்புதல்கள் போகும். ஒன்றுக்குத்தான் கடை பணம் கேட்கும். கேட்காத இன்னொன்று சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். பெட்ரோல் பங்க், ஹோட்டல் முன்பணப் பிடித்தம் எல்லாம் இந்த வகை. இந்த நிலையில் போன் செய்தால் "எஸ்பெரே", பொறுங்கள் என்றுதான் பதில் வரும். நம் ஆளுக்கு இரண்டு வரியும் முழுக் கழிவாக ஏறிவிட்டன. ஆகவே பொறுக்க வேண்டியதில்லை.

★ தமிழ்ப் பெயரை அங்கே உச்சரிப்பதைவிட எழுத்துக்கூட்டுவதுதான் பெரிய பாடு. ஆங்கில எழுத்துகளை நாம் சொல்கிற மாதிரி சொன்னால் அவர்கள் வேறு எழுத்தை எழுதிக்கொள்வார்கள். நாம் "ஈ" என்று சொல்வது அவர்கள் காதில் "ஐ" என்ற எழுத்து. ஸ்பானிஷில் அந்த எழுத்தின் பெயரே "இ". நாம் "ஏ" என்றால் அவர்கள் எழுதுவது ஈ. வெங்கடேசன் என்ற பெயர் இப்படியே நான்கு இடத்தில் உருமாறி, "அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லையே" என்று வந்து நிற்கும். உயிரெழுத்து ஐந்தையும் "ஆ, எ, இ, ஓ, ஊ" என்று பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வி என்ற எழுத்துக்கு மெக்சிகோவில் "வே சீகா", அதாவது சின்ன வே. பி என்றால் "பே கிராந்தே", பெரிய பே. இரண்டும் அவர்கள் வாயில் ஒரே ஒலிதான் என்பதால் இந்த ஏற்பாடு.

★ அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. நமக்கோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போட்டிருக்கும் இடத்தைப் பார்த்து வங்கி அதைக் குடும்பப் பெயராக ஏற்றியிருக்கும். ஆகவே அவர் உங்கள் அப்பா பெயரைச் சொல்லி "செஞ்ஞோர்" என்று உங்களையே அழைப்பார்; அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்! இரண்டாவது குடும்பப் பெயர் கேட்டால் "நோ தெங்கோ செகுந்தோ அபெயீதோ", எனக்கு இல்லை.

★ எண்களில் கண்ணி வைத்திருப்பது அறுபதும் எழுபதும்: "செசெந்தா", "செதெந்தா". போன் இரைச்சலில் இரண்டும் ஒன்றே. கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைச் சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தொகை மட்டும் முழுதாக: "மில் தோஸ்சியெந்தோஸ் குவாரெந்தா இ ஓச்சோ பேசோஸ் கொன் சின்குவெந்தா சென்தாவோஸ்." ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஸ்பானிஷில் நம் "ட" கிடையாது, எல்லாம் "த"தான். "டோஸ்" என்று இறுக்காமல் "தோஸ்" என்று விட்டால் நன்றாகவே புரியும்.

★ வேகமாகப் பேசினால்: "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்." மெதுவாக. "பெர்மீதாமெ உன் மொமெந்தோ" என்றால் இசையைப் போட்டுவிட்டுப் போகப்போகிறார். "நோ மெ குவெல்கெ", துண்டித்துவிடாதீர்கள், என்று சொல்லி வைக்கலாம். "மாந்தெ?" என்றால் அதட்டல் இல்லை. மெக்சிகோவில் அது "என்ன சொன்னீங்க?" என்பதற்கான மரியாதையான கேள்வி.

★ கேட்காமல் போனை வைக்கவே கூடாத ஒன்று, ஃபோலியோ. புகார் எண்ணை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "மெ தா எல் நூமெரோ தெ ஃபோலியோ?" எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டி, "மெ லோ மாந்தா போர் கொர்ரேயோ?", மின்னஞ்சலில் அனுப்புவீர்களா, என்றும் கேட்க வேண்டும். காரணம் சட்டம். மெக்சிகோவின் நிதிச் சேவை வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கணக்குச் சுருக்கத் தேதியிலிருந்தோ பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்தோ 90 நாட்காட்டி நாட்களுக்குள் புகார் சேர வேண்டும் என்கிறது. சேர்ந்ததற்கு நிரூபிக்கத்தக்க சான்றும் வேண்டும். வெறும் போன் பேச்சு சான்றாகாது. வங்கியின் சிறப்புப் புகார்ப் பிரிவுக்கு அந்த ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு, கடை ரசீதின் படத்தோடு அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட்டால் தேதி உறுதியாகிவிடும்.

★ புகார் சேர்ந்த பிறகு வங்கிக்கு 45 நாள் அவகாசம். வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்றால் 180 நாள் வரை. நம் ஆள் இப்போது இந்தியாவில் இருப்பதால் 180 ஆகிவிடாது. கார்டைத் தேய்த்தது குவாதலஹாராவில், ஆகவே 45தான். அதற்குள் கையெழுத்திட்ட எழுத்து முடிவு தந்தாக வேண்டும். கிரெடிட் கார்டாக இருந்தால் முடிவு வரும்வரை தகராறுக்குரிய தொகையைக் கட்ட வேண்டாம். கழிவு சரிதான் என்று முடிவானாலும் சாதாரண வட்டிதான் சேரும். தாமத வட்டி போடக் கூடாது.

★ நடுவில் யாராவது உங்களை அழைத்து "உங்கள் புகார் விஷயமாகப் பேசுகிறோம்" என்று ரகசிய எண்ணையோ போனுக்கு வந்த குறியீட்டையோ கேட்டால் அது வங்கி இல்லை. அந்த ஊரிலும் இந்த வித்தை நன்றாகவே ஓடுகிறது. "நோ தோய் க்லாவெஸ் போர் தெலெஃபோனோ", போனில் குறியீடு எதுவும் தரமாட்டேன், என்று சொல்லித் துண்டித்துவிட்டு, கார்டின் பின்னால் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள்.

★ 45 நாளும் ஓடி, பதில் இல்லை அல்லது "செல்லாது" என்று வந்தால் அடுத்த வாசல் கோன்துசெஃப். வங்கி வாடிக்கையாளர்களுக்காக 1999-இல் மெக்சிகோ அரசு அமைத்த ஆணையம், கட்டணம் இல்லை. அங்கே முதல் கேள்வியே ஃபோலியோ எண்தான்.