ஒரு ஏக்கர் மல்லிக்கு சென்சார் கட்டுபடியாகுமா?

அவனியாபுரத்தைத் தாண்டித் தெற்கே பெருங்குடி, வலையங்குளம், எலியார்பத்தி என்று போனால் மல்லிகைத் தோட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி விளைகிற மண்களில் இதுவும் ஒன்று. இங்கே தோட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு ஏக்கர், மிஞ்சினால் இரண்டு. ஒரு கிணறு அல்லது போர், ஒரு மோட்டார், விடியுமுன் பூப்பறிக்க நாலைந்து பேர். இந்த அளவு நிலம் வைத்திருப்பவர்களைத்தான் இப்போது வேளாண் கருத்தரங்குகளுக்கு அழைத்து, மண்ணின் ஈரத்தைத் தானே அளந்து மோட்டாரைத் தானே போட்டு நிறுத்தும் சென்சார் பாசனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மேடையில் படம் ஓடும், செல்போனில் ஈர அளவு தெரியும், கைதட்டுவோம். கேள்வி நேரம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எதைக் கேட்பது என்பதை ஒரு ஏக்கர் மல்லிகையை வைத்தே பார்ப்போம்.

முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “நீங்கள் சொல்லும் தண்ணீர் மிச்சத்தில் சொட்டு நீர் குழாயின் பங்கு எவ்வளவு, சென்சாரின் பங்கு எவ்வளவு?” பல பேச்சுகளில் வாய்க்கால் பாசனத்தையும், சென்சார் மாட்டிய சொட்டு நீரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் மிச்சத்தைக் காட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு குழாயுடையது. சொட்டு நீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். குழாய் ஏற்கெனவே போட்டிருப்பவர் கேட்க வேண்டியது, அதற்கு மேல் சென்சார் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பதை மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க சுமார் 4,000 லிட்டர் வேண்டும். கோடையில் நன்றாக வளர்ந்த மல்லிகைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 16,000 லிட்டர். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 2,500 செடி இருக்கும். செடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 10,000 லிட்டர் போய்விடும். ஆக, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடினால் போதும். ஆனால் கரண்டு இருக்கிற வரைக்கும் ஓடட்டும் என்று இரண்டரை மணி நேரம் விடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் தினமும் 9,000 லிட்டர் வேருக்குக் கீழே இறங்கிப் போகிறது. இதை நிறுத்தச் சென்சார் தேவையில்லை. கைக்கடிகாரமோ மோட்டாரில் மாட்டும் டைமரோ போதும்.

அப்படியானால் சென்சார் எங்கே கைகொடுக்கும்? கடிகாரத்துக்குத் தெரியாத நாட்களில். சித்திரையில் ஒரு நாள் 20 மில்லிமீட்டர் கோடை மழை பெய்தால் ஏக்கருக்கு 80,000 லிட்டர் விழுகிறது, அதாவது ஐந்து நாள் தண்ணீர். ஆனால் அதில் பாதி ஓடிப்போயிருக்கலாம். மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. வேர் ஆழத்தில் இருக்கும் சென்சார் சொல்லிவிடும். அதிகத் தண்ணீர் மல்லிகைக்கு ஆகாது. கரிசல் பக்கம் ஈரம் தேங்கினால் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தளிர் இலை வெளுத்து மஞ்சளாகும், அப்புறம் பூ குறையும். இந்த நஷ்டத்தைத் தடுப்பதுதான் சென்சார் தருகிற பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன். மேடையில் இதைப் பற்றிப் பேச்சு வருவது குறைவு.

அடுத்தது பணம். விவசாய மின்சாரம் நமக்கு இலவசம். ஒரு மணி நேரம் மோட்டாரைக் குறைத்து ஓட்டினால் நம் பையில் ஒரு ரூபாய்கூடச் சேராது. வெளிநாட்டிலிருந்தோ மின்கட்டணம் உள்ள ஊர்களிலிருந்தோ எடுத்து வருகிற லாபக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம். எனவே கேள்வியை இப்படி வைக்க வேண்டும்: “மின்கட்டணத்தை விட்டுவிட்டு, பூவில் எவ்வளவு கூடும், கூலியில் எவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள்.” டீசல் இன்ஜினில் இறைப்பவருக்கும், வேனலில் கிணறு ஒரு மணி நேரத்தில் வற்றிப்போகிறவருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு மிச்சமாகிற ஒவ்வொரு லிட்டரும் உடனே காசு.

செலவுப் பக்கம் வருவோம். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், ஆகையால் கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்கிறேன். இரண்டு சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, வால்வு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்; ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 8,000. பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் 2,000. பேட்டரிக்கு 1,000. மெக்கானிக் இரண்டு தடவை வந்து போனால் 2,000. மொத்தம் 13,000. இதைப் பூவாக மாற்றிப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். பொங்கல் சமயம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டுவதை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறோம். அந்த விலை வருவதே மார்கழிப் பனியில் பூ இல்லாததால். அந்தப் பூவைக் கூட்டச் சென்சாரால் முடியாது. தண்ணீர் தேவைப்படுவதும் பூ கொட்டுவதும் பங்குனி முதல் வைகாசி வரை, அப்போதுதான் விலை விழுந்து கிடக்கும். கிலோ 250 என்று வைப்போம். பறிகூலி 100, கமிஷன் 25 போக, கையில் 125. அப்படியென்றால் 13,000 ரூபாய்க்கு 104 கிலோ பூ கூடுதலாக வர வேண்டும், அல்லது அதே அளவு வேலையாள் செலவு குறைய வேண்டும். “என் ஒரு ஏக்கரில் 104 கிலோ கூடுமா?” என்று எண்ணோடு கேட்டால் பேச வந்தவரும் எண்ணோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நிலம் அடுத்தடுத்து இருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் இந்தச் சுமை இறங்கும். ஆனால் மண் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் செம்மண்ணும் கரிசலும் வரப்புக்கு வரப்பு மாறும். செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், கரிசல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே அளவீடு ஒன்றில் “வாடுகிறது” என்றும் இன்னொன்றில் “போதும்” என்றும் பொருள்படும்.

பராமரிப்புக்கு வந்தால் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். கரிசல் தோட்டத்தில் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க தம்பி, மெசினு காய்ஞ்சிருக்குன்னு சொல்லுது, மோட்டாரும் நிக்காம ஓடுது, செடியடியில காலு புதையுது.” குனிந்து பார்த்தால், சென்சாரை ஒட்டியே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கரிசல் காயும்போது சுருங்கி வெடிக்கும். வெடிப்பு சென்சாரின் பக்கமாக ஓடினால் அது மண்ணைத் தொடாமல் காற்றைத் தொட்டு நிற்கும். காற்றில் ஈரம் இல்லை, எனவே “காய்ஞ்சிருக்கு” என்கிறது. வெடிப்பில் விழும் தண்ணீரோ நேரே ஆழத்துக்குப் போய்விடுகிறது. கருவியில் கோளாறே இல்லை. புதைத்த விதத்தில்தான் தப்பு. தோண்டி எடுத்து, அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கூழாக்கி, அந்தக் கூழோடு சேர்த்துப் புதைத்ததும் சரியாயிற்று. கோடையில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும். ஆகவே “புதைத்துவிட்டால் மறந்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், எந்த மண்ணில் என்று உடனே கேளுங்கள்.

சென்சாரிலும் வகை இருக்கிறது. இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான வகை, மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்வது. அதன் கம்பி சில மாதங்களிலேயே அரித்துப் போகும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த மண்ணையும் ஈரம் என்று காட்டும். பட்டையாக, கம்பி வெளியே தெரியாமல் இருக்கும் வகை அரிக்காது, உப்புக்கும் அவ்வளவாக ஏமாறாது. ஆனால் அதன் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் கெட்டுப்போகும். நாமே சோதிக்க வழி உண்டு. வாங்கிய அன்றே துடைத்துக் காற்றில் பிடித்து ஒரு அளவு, வாளித் தண்ணீரில், பட்டையில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் நனைத்து ஒரு அளவு, இரண்டையும் நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தோண்டி எடுத்துக் கழுவி அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் நன்றாக நகர்ந்திருந்தால் அதன் பேச்சை நம்ப வேண்டாம்.

புதைக்கும் இடமும் ஆழமும் முக்கியம். சொட்டுவானுக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரம் என்று சொல்லும். ஒரு சாண் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் ஒன்று. அதே இடத்தில் முழங்கை ஆழத்தில் இன்னொன்று. மேலே உள்ளது எப்போது விட வேண்டும் என்று சொல்லும். கீழே உள்ளது நாள்தோறும் ஈரமாகவே இருந்தால், நாம் தேவைக்கு மேல் விடுகிறோம் என்று பொருள்.

தானியங்கியைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். சென்சார் பகல் 3 மணிக்குத் தண்ணீர் கேட்டு, கரண்டு ராத்திரிதான் வருமென்றால், பெட்டி அந்தக் கோரிக்கையை நினைவில் வைத்திருந்து கரண்டு வந்ததும் ஓட்டுமா? குழாய் அடைத்தாலோ கிணறு வற்றினாலோ மோட்டாரைக் காப்பாற்ற நிறுத்துமா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வராவிட்டால், செல்போனில் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டரும் ஈரம் காட்டும் கைக்கருவியும் போதும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி அப்படிப்பட்டது. மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் தண்ணீர் வேண்டாம், ஆரஞ்சுக்கு விடலாம், சிவப்புக்கு உடனே விட வேண்டும். சிம் கார்டும் கிடையாது, புதைத்து வைத்துக் காவல் காக்கவும் வேண்டாம்.

நெல் போடுகிறவர்களுக்கு இதுவும் தேவையில்லை. ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் ஊன்றி, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கிய பிறகு பாய்ச்சுகிற வயல் நீர்க்குழாய் முறையே போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் தண்ணீர் வற்றாமல் தேங்கி நிற்க வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கர் மல்லிக்கு முதலில் சொட்டு நீரும் டைமரும், அடுத்து ஈரங்காட்டி, கிணறு வற்றுகிறவருக்கோ நாலு பேர் சேர்ந்தாலோ மட்டும் தானியங்கிப் பெட்டி. மானியம் குழாயோடு நிற்கிறதா, சென்சாருக்கும் உண்டா என்பதை அதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறையிலும் தோட்டக்கலைத் துறையிலும் கேட்டுவிடுங்கள். கருத்தரங்குக்குப் போகும்போது உங்கள் மண்ணில் ஒரு கைப்பிடியையும் போர்த் தண்ணீர் ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். பேசுகிறவரின் சென்சாரை இந்த மண்ணில், இந்தத் தண்ணீரில் அங்கேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழுது பார்க்க மதுரைக்குள்ளேயே ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, அவர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.